அரைப் பாயிண்டில் என்ன இருக்கு?

என்.பி.ஏ. மேட்ச் பார்க்கிறவங்க ஸ்கோர் ஆப்பில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீங்க:

```
MIA -6.5   -110
SAS +6.5   -110
```

இதில் முதல் எண்தான் ஸ்ப்ரெட். மயாமி ஹீட் ஜெயிக்கும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள், அதனால் அது ஃபேவரிட், மைனஸ் குறி. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அண்டர்டாக், பிளஸ் குறி. மேட்ச் முடிந்ததும் ஃபேவரிட்டின் ஸ்கோரிலிருந்து 6.5-ஐக் கழியுங்க. அப்பவும் அது முன்னாடி இருந்தா, ஹீட் பக்கம் பணம் கட்டினவருக்கு வெற்றி. இல்லைன்னா ஸ்பர்ஸ் பக்கம் கட்டினவருக்கு வெற்றி. யார் ஜெயிச்சாங்க என்பதல்ல இங்கே கேள்வி, எத்தனை பாயிண்டில் ஜெயிச்சாங்க என்பதுதான்.

இரண்டாவது எண்ணான -110 விலை. 100 டாலர் லாபம் வேணும்னா 110 டாலர் கட்டணும். தோத்தா முழு 110-ம் போச்சு. 110-ஐ 210-ஆல் வகுத்தா 52.38 சதவீதம் வரும். அதாவது நூற்றுக்கு 50 தடவை சரியாச் சொன்னாலும் நஷ்டம்தான். 52.38-ஐத் தாண்டினால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். இந்த எண்ணை மறந்துடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு நிஜ மேட்ச்சை எடுத்துப்போம். 2013 என்.பி.ஏ. ஃபைனல்ஸ், ஏழாவது ஆட்டம். ஹீட் 95, ஸ்பர்ஸ் 88. வித்தியாசம் 7. ஸ்ப்ரெட் 6.5 என்று வைத்துக்கொண்டால் ஹீட் பக்கம் கட்டினவர் ஜெயிக்கிறார். 7.5 என்றால் தோற்கிறார். சரியா 7 என்றால் அதற்குப் பேர் புஷ்: யாருக்கும் வெற்றி இல்லை, கட்டின பணம் திரும்பி வரும். அரைப் பாயிண்ட் யாராலும் அடிக்க முடியாது. ஆனாலும் ஸ்ப்ரெட்டில் .5 வருவதற்குக் காரணம் இந்தப் புஷ்ஷைத் தவிர்ப்பதுதான்.

இந்த 7 எப்படி வந்தது தெரியுமா? ஆட்டம் முடிய சுமார் 28 விநாடி இருக்கும்போது ஸ்கோர் 92–88, வித்தியாசம் 4 மட்டும். கடைசி 3 பாயிண்டும் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. பாஸ்கெட்பாலில் பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேணும்னே ஃபவுல் செய்யும். அதில் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களால் வித்தியாசம் கடைசி விநாடி வரை ஆடிக்கிட்டே இருக்கும். ஜெயிக்கப் போற அணி மாறாமலே 4 என்பது 5 ஆகலாம், 7 ஆகலாம். அதோடு ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 100 தடவை பந்து கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 0, 2 அல்லது 3 பாயிண்ட். இத்தனை சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டும்போது எந்த ஒரு வித்தியாசமும் மற்றதைவிட ரொம்ப உயர்ந்து நிற்காது. வரைபடமாகப் போட்டால் வழவழப்பான மேடு மாதிரி இருக்கும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் கதையே வேற. அங்கே ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தடவைதான் பந்து கிடைக்கும். டச்டவுனுக்கு 6, அதன்பின் ஒரு உதைக்கு 1, ஆக பெரும்பாலும் 7. டச்டவுன் வரை போக முடியலைன்னா ஃபீல்ட் கோல், 3. துண்டுகள் குறைவு, அவையும் பெரிய பெரிய துண்டுகள். அதனால் வரைபடத்தில் மேடு இல்லை, ஊசி ஊசியா நிற்கும். என்.எஃப்.எல். ஆட்டங்களில் சுமார் 15 சதவீதம் சரியாக 3 பாயிண்ட் வித்தியாசத்தில் முடிகின்றன. அடுத்த உயரமான ஊசி 7.

3 மட்டும் ஏன் இவ்வளவு உயரம்? கடைசி நிமிடத்தில் ஸ்கோர் சமம் என்று வையுங்க. பந்து வைத்திருக்கும் அணி உதைக்கும் தூரத்துக்கு வந்துவிட்டால் டச்டவுனுக்காக ரிஸ்க் எடுக்கத் தேவையே இல்லை. ஃபீல்ட் கோல் உதைத்தால் ஆட்டம் முடிந்தது, வித்தியாசம் 3. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2002, 2004, 2005 மூன்று சூப்பர் பௌல்களையும் 20–17, 32–29, 24–21 என்று ஜெயித்தது. மூன்றிலும் வித்தியாசம் 3. முதல் இரண்டும் கடைசி விநாடிகளில் உதைத்த ஃபீல்ட் கோலால் வந்தவை. இன்னொன்று, முன்னணியில் இருக்கும் அணி கடைசியில் பந்தோடு முட்டி போட்டு நேரத்தைக் கழித்துவிடும். பாஸ்கெட்பாலில் ஆடிக்கொண்டே இருக்கும் வித்தியாசம் இங்கே உறைந்துபோகும்.

இப்போ கணக்குக்கு வருவோம். புரிவதற்காக நான் எடுத்த எண்கள் இவை. 100 ஃபுட்பால் ஆட்டம். ஃபேவரிட் 3-க்கு மேல் ஜெயிப்பது 45, சரியாக 3-ல் ஜெயிப்பது 10, மீதி 45. (அந்த 15 சதவீதத்தில் அண்டர்டாக் 3-ல் ஜெயித்ததும் சேர்த்தி. ஸ்ப்ரெட்டுக்கு ஃபேவரிட் பக்கம் மட்டும்தான் கணக்கு, அதனால் 10.) ஒவ்வொரு ஆட்டத்திலும் ஃபேவரிட் பக்கம் 110 டாலர் கட்டினால்:

-2.5: 55 வெற்றி, 45 தோல்வி, லாபம் 550
-3: 45 வெற்றி, 45 தோல்வி, 10 புஷ், நஷ்டம் 450
-3.5: 45 வெற்றி, 55 தோல்வி, நஷ்டம் 1550

அணிகள் அதே, ஆட்டங்கள் அதே. முதல் அரைப் பாயிண்ட் நகர்வுக்கு 1000 டாலர், அடுத்ததுக்கு 1100 டாலர் மாறுது! இதையே பாஸ்கெட்பாலுக்குப் போடுங்க. அங்கே குறிப்பிட்ட ஒரு வித்தியாசத்தில் ஃபேவரிட் ஜெயிப்பது 4 ஆட்டம், அதற்கு மேல் 48, கீழே 48 என்று வைப்போம். அரைப் பாயிண்ட் சாதகமாகக் கிடைத்தாலும் 52 வெற்றி, 48 தோல்வி. 52.38-ஐ எட்டலை, இன்னும் 80 டாலர் நஷ்டம்.

அப்போ ஃபுட்பாலில் 2.5 தேடிப் பிடித்தால் போதுமா? அங்கேதான் மாட்டிக்குவீங்க. புக்மேக்கருக்கும் இந்த ஊசிகள் தெரியும். ஸ்ப்ரெட் 3-ல் நிற்கும்போது ஒரு பக்கம் பணம் குவிந்தால் அவர் எண்ணை நகர்த்தாமல் விலையை நகர்த்துவார்: -110 என்பது -120 ஆகும். 120 கட்டி 100 ஜெயிக்க 54.5 சதவீதம் தேவை. அதனால் எண்ணை மட்டும் படித்துவிட்டு விலையைப் படிக்காமல் விட்டால் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

எண்ணை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1979 ஜனவரி சூப்பர் பௌல் சாட்சி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டாலஸ் கௌபாய்ஸ். ஸ்டீலர்ஸ் -3.5-ல் தொடங்கியது. அந்தப் பக்கம் பணம் குவியவே -4.5 வரை ஏற்றினார்கள். உடனே கௌபாய்ஸ் +4.5 பக்கமும் பணம் வந்தது. நாலாவது கால்பகுதியில் ஸ்டீலர்ஸ் 35–17. பிறகு கௌபாய்ஸ் இரண்டு டச்டவுன் போட்டது, இரண்டாவது 22 விநாடி மிச்சமிருக்கும்போது. முடிவு 35–31, வித்தியாசம் 4.

-3.5-ல் ஸ்டீலர்ஸ் பக்கம் கட்டினவரும் ஜெயித்தார், +4.5-ல் கௌபாய்ஸ் பக்கம் கட்டினவரும் ஜெயித்தார். 4-ல் கட்டினவருக்குப் பணம் வாபஸ். இரண்டு பக்கமும் பணம் கொடுத்த புக்மேக்கர்கள் அந்த நாளுக்கு வைத்த பேர் கறுப்பு ஞாயிறு. 4 என்பது 3 அளவுக்கு உயரமான ஊசிகூட இல்லை.