கோட்டை அடுப்பருகே சொல்ல வேண்டிய நன்றி

கல்யாண மண்டபத்தில் ராத்திரிச் சாப்பாட்டின் கடைசிப் பந்தி எழுந்திருக்கப் பத்தரை மணி ஆகிவிடும். வீட்டார் படுக்கப் போகும் அந்த நேரத்தில்தான் சமையற்கட்டில் மறுநாள் வேலை சூடு பிடிக்கும். 400 பேருக்கு முகூர்த்தச் சாப்பாடு என்றால் அரிசியே சுமார் 40 கிலோ வேண்டும். காய்கறி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, அரிவாள்மணையோடு பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

சாயங்காலமே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தூங்கினால் என்ன என்று தோன்றும். முடியாது. துருவிய தேங்காய் அடுப்படிப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே வாடை மாறிவிடும். அந்தத் தேங்காயில் அவியல் செய்தால் மதியப் பந்தியில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். உளுந்தை முன்கூட்டி ஆட்டி வைத்தால் மாவு நீர்த்துப்போய், வடை எண்ணெய் குடிக்கும். அதனால்தான் தேங்காய் உடைப்பதையும் வடைக்கு ஆட்டுவதையும் விடியற்காலைக்குத் தள்ளி வைக்கிறார்கள். ருசி கெடக்கூடாது என்பதற்காகவே அவர்கள் தூக்கத்தை விடுகிறார்கள்.

நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. சாப்பாடு முடிந்ததும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் பணம் வைத்து மாஸ்டரிடம் கொடுப்போம். நல்ல வழக்கம்தான். ஆனால் காய் நறுக்கிய பெண்கள் பல இடங்களில் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் வேலை விடியற்காலையோடு முடிந்துவிடுகிறது; தாலி கட்டும் நேரத்தில் பஸ் ஏறியிருப்பார்கள். ஆகவே அவர்களுக்கான நன்றியைக் காலை டிபனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முந்தின நாளே மாஸ்டரிடம், "நறுக்க எத்தனை பேர் வர்றாங்க, பாத்திரம் கழுவ எத்தனை பேர்?" என்று கேட்டு, ஆளுக்கொரு கவர் போட்டு வைத்துக்கொண்டால் போதும். மாஸ்டருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவர் அடுப்படிக்கே போய் அவரவர் கையில் கொடுப்பதுதான் மரியாதை. மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. இது கூலிக்கு மேல் கொடுப்பது. கூலியில் கழித்துக்கொள்ளக் கூடாது.

மாஸ்டருக்குப் பேசிய பாக்கியை, அவர் வந்து கேட்கும்படி விடாமல், கடைசிப் பந்தி நடக்கும்போதே எடுத்து வையுங்கள். அண்டாக்களை எண்ணி வண்டியில் ஏற்றும் நேரத்தில் கணக்கு பார்க்க உட்கார்ந்தால், கொடுத்த வேட்டியின் அருமை போய்விடும். சாம்பாரில் உப்பு கூடியிருந்தால் அதை இரண்டு நாள் கழித்து போனில் சொல்லலாம். அன்றைக்கு, "அவியல்ல தேங்காய் இப்பதான் துருவின மாதிரி இருந்துச்சு மாஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மணிக்கு எழுந்து எதைக் காப்பாற்றினாரோ, அதையே நீங்கள் கண்டுகொண்டீர்கள் என்று அவருக்குப் புரியும்.

அவர்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அதற்குள் வடையும் பாயசமும் தீர்ந்துவிடும். முதல் பந்தி உட்காரும் முன்பே அவர்களுக்கென்று ஒரு தூக்கில் எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இலை போட்டு, வீட்டு ஆள் ஒருவர் பரிமாறட்டும்.