மினுக்கும் மேகங்கள்

மொட்டைமாடியில் முக்காலியை ஊன்றி, 5 நொடிக்கு ஒன்று என்று மாலை மேகங்களை 300 படங்கள் எடுத்தாயிற்று. 25 நிமிட வானம் 12 நொடி டைம்லாப்ஸாகச் சுருங்குகிறது. ஓட்டிப் பார்த்தால், கெட்டுப்போகும் டியூப்லைட் போல வானம் மினுக்குகிறது.

ஷட்டர், ஐஎஸ்ஓ, அபர்ச்சர் எல்லாம் கையால் நிலைநிறுத்தியவைதான். குற்றவாளி பெரும்பாலும் அபர்ச்சரே. டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸின் துளை சும்மா இருக்கும்போது அகலத் திறந்திருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் தகடுகள் சுருங்கி, மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் அவை அதே இடத்தில் நிற்பதில்லை. f/11 போன்ற சிறு துளையில் மயிரிழை வித்தியாசமும் வெளிச்சத்தைக் கணிசமாக மாற்றிவிடும். தனிப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம், நொடிக்கு 25 படம் ஓடும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்து எளிய கணக்கு. அடுத்தடுத்த ஐந்து படங்களின் சராசரி வெளிச்சத்தை 0 முதல் 255 வரையான அளவில் எடுக்கிறோம்: 118, 121, 109, 120, 122. நடுவில் இருக்கும் 109தான் இடறுகிறது. ஐந்தின் சராசரி 118. எனவே அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் 118/109, அதாவது சுமார் 1.08 மடங்கு பெருக்க வேண்டும். ஆனால் அந்த 118ஐயே 109 கீழே இழுத்திருக்கிறதே! வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை, அதாவது இடைநிலையை எடுத்தால் 120 வருகிறது, பெருக்கல் 1.10 ஆகிறது. ஒற்றைப் படம் பிசகும் இடங்களில் இதுவே நியாயமான தீர்ப்பு.

இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் இதை ஒரே வரியில் செய்கிறது:

```
ffmpeg -framerate 25 -i img%04d.jpg -vf deflicker=size=5:mode=median -pix_fmt yuv420p out.mp4
```

`size` என்பது எத்தனை படங்களை ஒப்பிடுவது என்பது. அதை அளவுக்கு மீறிக் கூட்டினால், சூரியனை மேகம் மறைக்கும்போது வரும் உண்மையான இருட்டையும் மினுக்கல் என்று எண்ணி மென்பொருள் அழிக்கப் பார்க்கும். இன்னொரு பொறி: லென்ஸின் முன்னால் ஒரு காகம் உட்கார்ந்துவிட்டால் சராசரி சரியும், மென்பொருள் வானத்தை வெளுக்கும். அளவை வானத்தின் ஒரு மூலையில் மட்டும் எடுக்க இடம்தரும் மென்பொருள்களில் இந்தத் தொல்லை குறைவு. வெளுத்தே பதிவான மேகத்தின் விவரமோ எந்தப் பெருக்கலிலும் திரும்பாது.

சிலர் படம் எடுக்கும்போதே வேரை வெட்டிவிடுகிறார்கள். துளையைச் சுருக்கிக்காட்டும் பொத்தானை அழுத்தியபடி, மின்தொடர்பு விடுபடும் அளவுக்கு லென்ஸைச் சற்றே திருகுவார்கள். சில கேமராக்களில் துளை அப்படியே உறைந்துவிடும். லென்ஸ் முழுதாகப் பூட்டிய நிலையில் இல்லாததால், கழன்று விழாமலிருக்க ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவைப்பார்கள்.