முதல் கேள்வியே ஒரு கருவி

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இருவர் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி கிழித்த கையோடு ஓர் இளைஞர் வலியால் கத்துகிறார். மகனுடன் வந்த முதிய அம்மையாரோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரை முதலில் கவனிப்பது? வந்த வரிசைப்படி அல்லாமல், ஆபத்தின் அளவைக் கொண்டு நோயாளிகளைப் பிரிக்கும் இந்த வேலையை 'டிரையாஜ்' என்பார்கள். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது.

வாசலில் உள்ள செவிலியர் அம்மையாரின் அருகில் குனிகிறார். "அம்மா, நான் இங்கே நர்ஸ். உங்க பேர் என்ன? உடம்புக்கு என்ன செய்யுது?"

மகன் பதில் சொல்லத் தொடங்குகிறார். "தம்பி, உங்ககிட்டேயும் கேட்கிறேன். முதல்ல அம்மா சொல்லட்டும்" என்று கனிவாகத் தடுக்கிறார் செவிலியர்.

"சரசு... மூச்சு விட... முடியலைம்மா."

இந்தப் பதிலில் எத்தனை செய்திகள் இருக்கின்றன, பார்த்தீர்களா? குரல் வந்ததால் மூச்சுப் பாதை அடைபடவில்லை. பெயர் சரியாக வந்ததால் மூளை தெளிவாக இருக்கிறது. ஆனால் வாக்கியம் ஏன் துண்டு துண்டாக வந்தது?

நாம் மூச்சை வெளிவிடும்போதுதான் பேசுகிறோம். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அது 30 ஆனால், ஒரு மூச்சுக்குக் கிடைப்பது 2 நொடிதான். உள்ளிழுக்கும் நேரம் போக, பேசுவதற்கு ஏறக்குறைய 1 நொடியே மிஞ்சும். அதற்குள் இரண்டு சொல்தான் அடங்கும்! மாடிப்படிகளில் வேகமாக ஏறியதும் ஒரு நீண்ட வாக்கியம் பேசிப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும். ஓடாமல், உட்கார்ந்தபடியே இப்படிப் பேசினால் அது ஆபத்தின் அறிகுறி.

"மூச்சு திணறுதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் அம்மையார் தலையாட்டியிருப்பார். மகன் பதில் சொல்லியிருந்தால் அவருடைய மூச்சைத்தான் அளந்திருப்போம்! இரண்டிலும் இந்தச் செய்தி கிடைத்திராது.

அம்மையாரை உடனே உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, செவிலியர் இளைஞரிடம் திரும்புகிறார். விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறார். "ரொம்ப வலிக்கும், தெரியுது. இந்தத் துணியை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டுது, அதான் முதல்ல அனுப்பினேன். துணி நனைஞ்சாலோ தலை சுற்றினாலோ உடனே கூப்பிடுங்க" என்கிறார். காரணம் தெரிந்ததால் இளைஞரின் கோபம் தணிகிறது. நிலைமை மோசமானால் எச்சரிக்கும் பொறுப்பும் அவர் கைக்கு வந்துவிட்டது. கனிவும் சோதனையும் ஒரே பேச்சில் அடங்கியிருக்கின்றன, அல்லவா?

ஆனால் இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. நீரிழிவு உள்ள சிலருக்கு மாரடைப்பின்போதுகூட நெஞ்சு வலி தெரியாது. அவர்கள் சரளமாகவே பேசக்கூடும். ஆகவே சரளமாகப் பேசுபவர்களிடம் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றையும் பார்த்த பிறகே செவிலியர் முடிவு செய்கிறார். தெளிவான பேச்சு மட்டுமே நலத்துக்குச் சான்றாகாது. தடுமாறும் பேச்சையோ ஒரு நொடியும் அலட்சியப்படுத்தக் கூடாது.