வங்கியில் வந்த பணத்தை எக்கணக்கில் வரவு வைப்பது?

டாலியில் கணக்கெழுதும் சிறு வியாபாரிகளின் புத்தகங்களைப் பரிசீலிக்கும்போது ஒரு பிழை அடிக்கடி தென்படுகிறது. கடனுக்கு விற்ற சரக்கின் கிரயம் வங்கிக்கு வந்ததும், அதை மறுபடியும் விற்பனைக் கணக்கிலேயே வரவு வைத்துவிடுகின்றனர். இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி ஜூன் மாதம் ரூ. 40,000க்குப் பருத்தித் துணி வாங்குகிறார் என்று கொள்வோம். வரி நூற்றுக்கு 5. விற்பவரும் தமிழ்நாட்டவராதலால் மத்திய வரி ரூ. 1,000, மாநில வரி ரூ. 1,000. F9 அழுத்தி, கொள்முதலில் ரூ. 40,000 மட்டுமே பற்றெழுத வேண்டும். வரித் தொகைகளை Duties & Taxes தொகுதியிலுள்ள CGST, SGST கணக்குகளில் தனித்தனியே பற்றெழுதுக. சிலர் இவற்றைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவர். அப்படிச் செய்தால் திரும்பக் கழித்துக்கொள்ளக்கூடிய ரூ. 2,000 செலவாக மறைந்துபோம்.

ஜூன் 28இல் அவர் உள்ளூர்க் கடைக்காரருக்கு ரூ. 60,000க்குத் துணி விற்கிறார். வரி ரூ. 3,000 சேர்த்துப் பட்டியல் ரூ. 63,000. F8 வாயிலாக அத்தொகை கடைக்காரர் பெயரில் பற்றாகிறது. விற்பனையும் வரியும் இங்கேயே எழுதியாகிவிட்டன. பணம் எப்போது வந்தாலும் வரி ஜூன் கணக்கைச் சேர்ந்ததே. கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்தால் மத்திய வரி ரூ. 500, மாநில வரி ரூ. 500 பாக்கி. பணம் வரட்டுமென்று பட்டியலையே தள்ளிப்போடுவோர் பின்னர் வட்டியும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

ஜூலை 9இல் ரூ. 63,000 வங்கிக்கு வருகிறது. F6 அழுத்தி, வங்கியைப் பற்றெழுதி, கடைக்காரர் கணக்கை வரவு வைத்து, Agst Ref என்பதில் அந்தப் பட்டியல் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனைக் கணக்கோ வரிக் கணக்கோ இங்கு வருதல் கூடாது.

அவ்விடத்தில் Sales என்று இட்டுவிட்டால், விற்பனை ரூ. 1,23,000 ஆகிவிடும், இல்லாத இலாபத்துக்கு வருமான வரி கேட்கப்படும். பற்றும் வரவும் சமமாகவே நிற்பதால் இருப்புச் சோதனையில் இப்பிழை புலப்படாது. டாலியும் எச்சரிப்பதில்லை. வேறு இரண்டு இடங்களில் அகப்படும். பணம் கொடுத்துத் தீர்த்த கடைக்காரர் இன்னமும் Receivables பட்டியலில் ரூ. 63,000 பாக்கிதாரராக நிற்பார். GSTR-1 அறிக்கை விற்பனைச் சீட்டுகளிலிருந்து தயாராவதால் அதில் ரூ. 60,000 தான் இருக்கும். இலாப நட்டக் கணக்கின் விற்பனையோ அதைவிட மிகுந்து காணும். இவ்விரண்டையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிஷமும் ஆகாது.

திருத்துவதற்கு எதிர்ப்பதிவு எழுத வேண்டியதில்லை. பிழையான ரசீதைத் திறந்து, Sales இருக்குமிடத்தில் கடைக்காரர் கணக்கை இட்டு, பட்டியல் எண்ணைக் காட்டி, Ctrl+A அழுத்தினால் போதும். ஆனால் அவ்வாண்டின் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டிருந்தால் பழைய சீட்டைத் தொடாமல் தணிக்கையாளரைக் கலந்துகொள்க.