‘ஃபுல்’ என்றால் எத்தனை ரூம்?

கும்பகோணம் மாதிரி கோயில் ஊரில் இருபத்து நான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ். முதலாளி வெளியூரில் இருக்கிறார். காலையில் மேனேஜருக்குப் போன் போட்டால், “நேத்து ஃபுல் சார்” என்று பதில் வருகிறது. முகூர்த்த நாள், ஃபுல் ஆகாமல் இருக்குமா என்று முதலாளியும் போனை வைத்துவிடுகிறார். மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும்போது, இத்தனை நாள் ஃபுல்லாக ஓடியும் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையில் இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். மொத்த அறைகளில் எத்தனை சதவீதம் விற்றது என்பது ஒன்று. ஹோட்டல்காரர்கள் இதை ஆக்குபன்சி என்பார்கள். விற்ற அறைகளுக்குச் சராசரியாக என்ன வாடகை கிடைத்தது என்பது மற்றொன்று. இதற்கு ஏ.ஆர்.ஆர். என்று பெயர். அறை வாடகை மொத்தத்தை விற்ற அறைகளால் வகுத்தால் ஏ.ஆர்.ஆர். வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

நம் லாட்ஜில் பதினான்கு சாதா அறைகள், வாடகை 1,000 ரூபாய். எட்டு ஏ.சி. அறைகள், 1,700 ரூபாய். இரண்டு ஃபேமிலி ரூம்கள், 2,500 ரூபாய். இது கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்ட லாட்ஜ்தான். ஆனால் இந்த அளவில் லாட்ஜ் நடத்துகிற எவருக்கும் அதில் நடப்பது புதிதாக இருக்காது.

அந்த முகூர்த்த நாளுக்கு ஒரு கல்யாண பார்ட்டி மூன்று மாதம் முன்பே பதினைந்து அறைகள் கேட்டு வைத்திருந்தது. மொத்தமாக எடுக்கிறார்கள் என்பதால் சாதா அறை 800, ஏ.சி. அறை 1,400 என்று பேசி முடித்தார்கள். ஃபேமிலி ரூமுக்கு மட்டும் தள்ளுபடி இல்லை. நாள் வந்தபோது பார்ட்டி எடுத்தது பன்னிரண்டு அறைகள்: சாதா எட்டு, ஏ.சி. நான்கு. மீதி மூன்றும் ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க’ என்று ராத்திரி வரை பிடித்துவைக்கப்பட்டுக் காலியாகவே கிடந்தன. அவற்றில் சாதா ஒன்று, ஏ.சி. ஒன்று, ஃபேமிலி ரூம் ஒன்று. இன்னொரு சாதா அறையில் பாத்ரூம் ஒழுகுகிறது என்று பூட்டிவைத்திருந்தார்கள். நேராக வந்து கேட்டவர்களுக்கு முழு வாடகையில் எட்டு அறைகள் போயின: சாதா நான்கு, ஏ.சி. மூன்று, ஃபேமிலி ரூம் ஒன்று. அதற்குப் பிறகு வந்தவர்களை ரிசப்ஷனில் ‘ரூம் இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள்.

மேனேஜர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் கொடுப்பதற்கு அறை இல்லை, அதனால் அவருக்கு அது ஃபுல். பிடித்துவைத்த மூன்றையும் பூட்டிய ஒன்றையும் கழித்துவிட்டு, இருபதுக்கு இருபது, நூறு சதவீதம் என்று அவர் எழுதியிருந்தாலும் கூட்டல் தப்பில்லை. ஆனால் முதலாளி முதல் போட்டது இருபத்து நான்கு அறைகளுக்கு. இருபத்து நான்கில் இருபது என்றால் 83 சதவீதம். அந்தப் பதினேழு சதவீதம்தான் அவர் அன்று தெரிந்துகொண்டிருக்க வேண்டிய செய்தி.

ஆகவே முதல் விதி: வகுக்கும் எண்ணை மாற்றக் கூடாது. இருபத்து நான்கு அறை லாட்ஜ் என்றால் தினமும் இருபத்து நான்குதான். பழுதான அறையைக் கழித்துக்கொண்டே வந்தால், ஒழுகும் பாத்ரூம் இரண்டு மாதம் கிடந்தாலும் சதவீதத்தில் அது தெரியாது. பெரிய ஹோட்டல்களின் பொதுக் கணக்கு முறையிலும், சில நாட்கள் பழுதுக்காகப் பூட்டிய அறையை மொத்தத்திலிருந்து எடுப்பதில்லை. மாதக்கணக்கில் மூடிவைத்தால்தான் எடுப்பார்கள்.

இனி வாடகையைப் பார்ப்போம். அன்று சாதா அறைகளில் 10,400, ஏ.சி. அறைகளில் 10,700, ஃபேமிலி ரூமில் 2,500. மொத்தம் 23,600 ரூபாய். இருபதால் வகுத்தால் ஏ.ஆர்.ஆர். 1,180.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாணம் எதுவும் இல்லை. மறுநாள் திருநள்ளாறு போவதற்காகவும், நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுவதற்காகவும் வந்த குடும்பங்கள்தான். விற்றது பதினாறு அறைகள்: சாதா ஏழு, ஏ.சி. ஏழு, ஃபேமிலி ரூம் இரண்டு. எல்லாமே முழு வாடகை. மொத்தம் 23,900 ரூபாய், ஏ.ஆர்.ஆர். 1,494. ஆக்குபன்சி 66 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். மேனேஜர் அன்று, “சுமார்தான் சார்” என்பார்.

‘ஃபுல்’ நாளைவிடச் ‘சுமார்’ நாளில் முந்நூறு ரூபாய் கூட வந்திருக்கிறது. நான்கு அறைகளுக்குப் பெட்ஷீட் மாற்றும் வேலையும், தண்ணீரும், சோப்பும், கரண்டும் மிச்சம். ஆக்குபன்சியை மட்டும் பார்த்திருந்தால் முகூர்த்த நாள் ஜெயித்திருக்கும். ஏ.ஆர்.ஆரை மட்டும் பார்ப்பதும் ஆபத்துதான். இரண்டே இரண்டு ஃபேமிலி ரூம் விற்ற நாளில் அது 2,500 என்று காட்டும், லாட்ஜோ காலியாகக் கிடக்கும். அதனால் மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: வாடகை மொத்தத்தை எல்லா அறைகளாலும் வகுத்தால் என்ன வருகிறது? முகூர்த்த நாளில் 983 ரூபாய், வெள்ளியன்று 996 ரூபாய். இரண்டு நாட்களை ஒப்பிடுவதற்கு இந்த எண்தான் பொது.

ஏ.ஆர்.ஆர். இறங்கியிருந்தால் உடனே தள்ளுபடிதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். சாதா அறைகள் அதிகம் போன நாளில் யாருக்கும் ஒரு ரூபாய் குறைக்காமலே சராசரி இறங்கும். சாதா, ஏ.சி. என்று வகைக்கு ஒரு வரி எழுதினால் குழப்பம் தீரும். முகூர்த்த நாளில் சாதா அறையின் சராசரி 867, ஏ.சி.யின் சராசரி 1,529. இரண்டுமே பலகையில் எழுதிய வாடகைக்குக் கீழே இருப்பதால் இங்கே தள்ளுபடிக்கும் பங்கு உண்டு என்பது உறுதி. அன்று விட்டுக்கொடுத்தது மொத்தம் 2,800 ரூபாய்.

இவ்வளவும் சரியாக வர வேண்டுமென்றால், ‘ஒரு அறை விற்றது’ என்பதை எப்போது எழுதுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி செக்-அவுட் உள்ள ஹோட்டலில் இது சுலபம். ராத்திரி யார் தங்கியிருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும். நம் ஊர் லாட்ஜ்களில் பல, இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் ஓடுபவை. விடிகாலை ஐந்து மணி ரயிலில் வந்து இறங்கிய குடும்பம் குளித்து, கோயில்களைப் பார்த்து, ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸுக்கு அறையைக் காலி செய்கிறது. முழு வாடகை கொடுத்தாயிற்று. ஆனால் எந்த நள்ளிரவில் எண்ணினாலும் அவர்கள் அறையில் இல்லை. எனவே ஆளை எண்ணாமல் வாடகையை எண்ண வேண்டும். ஒவ்வொரு வாடகையும் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதியில் ஒரு அறை விற்றதாக எழுத வேண்டும். ஒரே அறை பகலில் ஒருவருக்கும் இரவில் இன்னொருவருக்கும் போனால் இரண்டு விற்பனை. நல்ல நாளில் ஆக்குபன்சி நூறைத் தாண்டினால் திடுக்கிட வேண்டாம், அது எதனால் என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

கல்லாப் பணத்தையும் வாடகையையும் கலந்துவிடுவது இன்னொரு பழக்கம். கல்லாவில் அடுத்த மாதக் கல்யாணத்துக்கான அட்வான்ஸ் இருக்கும், எக்ஸ்ட்ரா பெட் காசு இருக்கும், ஜி.எஸ்.டி.யும் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அது அரசாங்கத்துப் பணம், ஏ.ஆர்.ஆரில் சேராது. அட்வான்ஸும் தங்கும் நாளில்தான் வாடகையாகும். ஆன்லைன் தளங்கள் வழியே வந்த அறைக்கு, வாடிக்கையாளர் கொடுத்த வாடகையை முழுதாக எழுதிவிட்டுக் கமிஷனைத் தனி வரியில் காட்டுவது நல்லது. 1,700 ரூபாய் அறைக்குக் கமிஷன் 18 சதவீதம் என்று வைத்தால் 306 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 55 ரூபாய். 5 சதவீத முறையில் இந்த 55 ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. கைக்கு வருவது 1,339 ரூபாய்தான்.

இப்படிப் பார்த்தால் முகூர்த்த நாள் பற்றி மேனேஜர் அனுப்பியிருக்க வேண்டிய செய்தி போனில் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்:

மொத்த அறை 24
விற்றது 20 (சாதா 12, ஏ.சி. 7, ஃபேமிலி 1)
பிடித்துவைத்துக் காலி 3
பழுது 1 (பாத்ரூம் ஒழுகல்)
ஆக்குபன்சி 83%
அறை வாடகை 23,600 (வரி இல்லாமல்)
ஏ.ஆர்.ஆர். 1,180
மொத்த அறைக்குச் சராசரி 983
தள்ளுபடி 2,800
திருப்பி அனுப்பியது: 6 பேர்

கடைசி வரியை எந்த ரெஜிஸ்டரும் தானாகச் சொல்லாது. ரிசப்ஷனில் ஒரு தாளில் கோடு போட்டுக் குறிக்கச் சொன்னால்தான் வரும்.

செய்தியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சலவைக்குப் போன துணியின் சீட்டு நல்ல சாட்சி. பதினைந்து அறைக்குத்தான் பில் இருக்கிறது, பெட்ஷீட்டோ பதினெட்டு அறைக்குப் போயிருக்கிறது என்றால் விசாரிக்க வேண்டும். ஒரு நாள் அப்படி நடந்தால் யாரோ குழந்தையோடு வந்தவர்கள் மாற்றச் சொல்லியிருக்கலாம். வாரா வாரம் நடந்தால், பில் இல்லாமல் அறை போகிறது.

ஒப்பிடும்போது போன வருஷம் இதே தேதியை எடுத்துக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தாது. முகூர்த்தங்கள் ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணக் கூட்டமே இருக்காது. முகூர்த்த நாளை முகூர்த்த நாளோடும், தை மாத வெள்ளியைத் தை மாத வெள்ளியோடும்தான் வைத்துப் பார்க்க வேண்டும். மாதச் சராசரி எடுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை: தினசரி ஏ.ஆர்.ஆர்.களைக் கூட்டி வகுக்காதீர்கள். நாம் பார்த்த இரண்டு நாட்களுக்கு அப்படிச் செய்தால் 1,337 வரும். மொத்த வாடகை 47,500 ரூபாயை விற்ற முப்பத்தாறு அறைகளால் வகுத்தால் 1,319. இதுதான் சரி.

பத்து வரியையும் பார்த்த முதலாளி என்ன செய்வார்? தள்ளுபடியை நிறுத்த நினைப்பது முதல் யோசனையாக இருக்கும். ஆனால் பார்ட்டி இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு அறைகளும் விற்றிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கைவிட்டுப் போனது உறுதியாகத் தெரிவது மூன்று அறைகளில்தான்: ஆறு பேர் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தபோது காலியாகக் கிடந்தவை, முழு வாடகையில் 5,200 ரூபாய். விட்டுக்கொடுத்த தள்ளுபடி அதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆகவே அடுத்த முகூர்த்தத்துக்கு 800 ரூபாய் வாடகை அப்படியே இருக்கட்டும். கேட்கும் ஒவ்வொரு அறைக்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் தங்குபவர் பெயர் தராத அறையை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்.