வங்கி அலுவலரைக் குழுவுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு வங்கியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், பெரும்பாலான ஊர்களில் நடப்பது இதுதான். ஊக்குநர் எழுந்து அவருடைய பெயரையும் பதவியையும் சொல்வார். தங்கள் அழைப்பை ஏற்று வந்த பெருந்தன்மைக்கு நன்றி சொல்வார். ஒரு சால்வை போர்த்துவார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். அலுவலரும் தன் வங்கியின் திட்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார். பின்வரிசையில் இருந்த பெண்ணிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஏதோ லோனைப் பத்திச் சொன்னாங்க" என்பார்.

அந்த ஏதோ ஒன்றில்தான் அவருடைய பங்குக்கு வரப்போவது 12,500 ரூபாயா, 41,000 ரூபாயா என்பது இருக்கிறது. அதை முதல் மூன்று நிமிடத்திலேயே அவருக்குப் புரியவைப்பது அறிமுகம் செய்பவரின் வேலை.

அலுவலர் ஏன் குழுவைத் தேடி வருகிறார் என்பதை முதலில் பார்ப்போம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் குறியாக வைத்து, சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. நிலப் பத்திரமோ நகையோ கேட்காமல், தவறாமல் கூடுவது, சேமிப்பது, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குவது, நாளது வரை கணக்கு எழுதுவது ஆகிய பழக்கங்களை நம்பிக் கடன் கொடுப்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே அலுவலருக்கு ஈடாகக் காட்டக் குழுவிடம் இருப்பது தீர்மானப் புத்தகமும் பேரேடும் உறுப்பினர் பாஸ்புக்கும்தான். அவர் பேச வருவதோடு அவற்றைப் பார்க்கவும் வருகிறார்.

இப்போது ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். 12 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, இரண்டு வருடம் முடிந்திருக்கிறது. சேமிப்பு மட்டும் 57,600 ரூபாய். உள்கடன் கொடுத்ததில் வந்த வட்டி 9,400 ரூபாய். சுழல் நிதியாகக் கிடைத்தது 15,000 ரூபாய். மொத்தம் 82,000 ரூபாய். இதில் 76,000 ரூபாய் உறுப்பினர்களிடம் உள்கடனாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் மிச்சம் இருப்பது 6,000 ரூபாய்தான்.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு, முதல் கடன் குழுவின் மொத்த நிதியைப் போல் ஆறு மடங்கு அல்லது 1,50,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. மொத்த நிதி என்பதில் சேமிப்பு, வட்டி வருமானம், சுழல் நிதி எல்லாம் சேரும். 82,000-க்கு ஆறு மடங்கு 4,92,000 ரூபாய். தலைக்கு 41,000 வரும். ஆனால் கணக்கில் கிடக்கும் 6,000 ரூபாயை மட்டும் பார்த்து ஒருவர் ஆறால் பெருக்கினால் 36,000-தான் வரும். அது குறைந்தபட்சத்தைவிடக் கம்மி என்பதால் 1,50,000 என்று எழுதிவிடுவார். தலைக்கு 12,500-தான். பணத்தைச் சும்மா போட்டு வைக்காமல் உள்கடனாகச் சுற்றவிட்ட நல்ல குழுவுக்குத்தான் இந்த நஷ்டம். பேரேட்டை யாரும் எடுத்துக் காட்டாததால் வரும் நஷ்டம் இது.

ஆக, அறிமுகம் இரண்டு பக்கமும் பேச வேண்டும். உறுப்பினர்களிடம் இப்படி:

"அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். நம்ம குழு கணக்கு இருக்கிற கிளையிலேர்ந்து மேடம் வந்திருக்காங்க. நம்ம கடன் மனுவைப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம்னு மேனேஜருக்கு எழுதி அனுப்புறது இவங்கதான். கறவை மாடு வாங்கணும், தையல் மிஷின் வாங்கணும்னு போன கூட்டத்துல கேட்டீங்கல்ல? அந்தக் காசு எவ்வளவு வரும், மாசம் எவ்வளவு கட்டணும்னு இன்னிக்கு இவங்ககிட்டயே கேட்டுக்கலாம்."

பிறகு அலுவலர் பக்கம் திரும்பி:

"மேடம், நாங்க 12 பேர். ரெண்டு வருசமா கூட்டம் விடல. எங்க மொத்த நிதி 82,000. கணக்குல 6,000-தான் இருக்கும், மீதியெல்லாம் உள்கடன்ல இருக்கு. பேரேடும் தீர்மானப் புத்தகமும் இங்கயே இருக்கு, பாருங்க. எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும், அதை எப்படிக் கணக்குப் போடுறீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

இவ்வளவுதான். இதில் பாராட்டு இல்லை, ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. அலுவலருக்கும் பேச வேண்டியது எது என்று தெரிந்துவிடுகிறது. மாடு வாங்க நினைத்த பெண் நிமிர்ந்து உட்காருகிறார்.

அடுத்துக் கேட்டுத் தெளிய வேண்டியது, தரப்போவது டெர்ம் லோனா, கேஷ் கிரெடிட்டா என்பது. டெர்ம் லோனில் பணம் மொத்தமாக வரும், மாதத் தவணையாக அடைபடும். கேஷ் கிரெடிட்டில் ஒரு வரம்பு வைத்துவிடுவார்கள். அதற்குள் எடுக்கலாம், கட்டலாம், கட்டியதைத் திரும்ப எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, அது வெளியே இருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. இது தெரியாத குழுக்கள் முதல் நாளே முழுத் தொகையையும் எடுத்துப் பங்கு போட்டுவிட்டு, டெர்ம் லோன் போலவே அடைத்துக்கொண்டிருக்கும். கட்டிய பணத்தை மறுபடி எடுக்கலாம் என்பது வருடக்கணக்கில் தெரியாமலே போகும்.

கேஷ் கிரெடிட்டில் ஒரு ஆபத்தும் உண்டு. வரம்பு முழுவதையும் எடுத்த பிறகு வட்டி ஏறினால், பாக்கி வரம்பைத் தாண்டிவிடும். 3,00,000 ரூபாய் வரம்பு, 7 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 1,750 ரூபாய் ஏறும். மாதம் ஒரு முறையாவது, ஏறிய வட்டிக்குக் குறையாமல் கட்ட வேண்டும். திருவிழா மாதம் என்று வசூலித்த பணத்தைக் கையிலேயே வைத்திருந்தால் கணக்கு பிசகத் தொடங்கும். பாக்கி 90 நாள் தொடர்ந்து வரம்புக்கு மேலேயே நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். தவறியது ஒரே உறுப்பினராக இருந்தாலும் வங்கி ஏட்டில் விழுவது குழுவின் பெயர். அடுத்த கடன் 12 பேருக்கும் நிற்கும். இதை அலுவலர் வாயாலேயே எல்லோர் முன்னிலும் சொல்லவைத்துவிட்டால், பிறகு தவணை கேட்டுப் போகும் ஊக்குநர் பொல்லாதவர் ஆக மாட்டார்.

தயங்காமல் கேட்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைப்பதோ, கடனுக்காக டெபாசிட் போடச் சொல்வதோ கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. "ஒரு பகுதியை டெபாசிட்டாப் போட்டுடுங்க" என்ற பேச்சு எழுந்தால், "இது கட்டாயமா மேடம்? தீர்மானப் புத்தகத்துல அப்படியே எழுதிக்கலாமா?" என்று கேட்டால் போதும். சண்டை தேவையில்லை.

அலுவலர் கிளம்புமுன் அவர் சொன்ன கடன் தொகை, அதற்கான கணக்கு, வட்டி, மாதம் கட்ட வேண்டியது ஆகிய நான்கையும் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று வராதவர்களுக்கு அடுத்த கூட்டத்தில் அதை வாசியுங்கள். கடன் அனுமதிக் கடிதம் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால், ஏன் என்று கேட்க உங்கள் கையில் எழுத்து இருக்கும்.