“எங்களுக்கு மில் இருக்கு”

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் விற்கப் போகிறவர் அடிக்கடி கேட்கும் பதில்: “எங்களுக்கு மில் இருக்குங்க, நல்லாத்தான் போகுது.” அந்த மில்லைக் குறை சொன்னால், தேர்ந்தெடுத்தவரையே குறை சொன்னதாகிவிடும்.

“நல்லதுங்கண்ணா. சீசன்ல நூல் தாமதமானா என்ன பண்றீங்க?” என்று கேட்கலாம். அவர் யோசித்தால் அங்கேதான் நமக்கு இடம். மொத்த ஆர்டரையும் கேட்பது பேராசை. தனியான ஒரு சிறிய ஆர்டருக்கு மட்டும் 30ஆம் நம்பர் கோம்டு நூல் தருவதாகச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரில் கலக்க விடாதீர்கள். இரண்டு மில் நூல் ஒரே துணியில் சேர்ந்தால், சாயமேற்றிய பிறகு கோடு கோடாகத் தெரியலாம். பழி புதியவர் தலையில்தான் விழும்.

தாமதமே இல்லை என்கிறாரா? விலையைச் சொல்லிவிட்டு, அடுத்த சீசனுக்கு முன்பு மறுபடி போய்ப் பாருங்கள்.